மாத்திரையா, இம்ப்ளான்டா, காப்பர்-டியா: கருத்தடை முறைகளை ஒப்பிட்டுப் பார்க்கும் முறை

கருத்தடை பற்றி முதன்முறையாக விசாரிக்கும் பெரும்பாலோர் கேட்பது, 'இவற்றில் எது நல்லது?' என்பதுதான். இந்தக் கேள்விக்கு ஒரே விடை கிடையாது. ஒருவருக்கு மிகப் பொருத்தமான முறை இன்னொருவருக்கு ஆபத்தாக முடியலாம். கேள்விகளைச் சரியான வரிசையில் கேட்டால் மூன்று முறைகளில் ஒன்றோ இரண்டோ தாமாகவே விலகிவிடும். இந்த முறையை நான் பயன்படுத்தலாமா என்பது முதல் கேள்வி. என் அன்றாட வாழ்க்கையில் இது எந்த அளவுக்கு வேலை செய்யும் என்பது இரண்டாவது. இது என் மாதவிடாயை எப்படி மாற்றும், அந்த மாற்றத்தோடு என்னால் வாழ முடியுமா என்பது மூன்றாவது. இந்த வழிகாட்டி அதே வரிசையில் செல்கிறது.

மூன்று முறைகளும் செயல்படும் விதம்

கூட்டு மாத்திரையில் ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டின் என்ற இரண்டு ஹார்மோன்கள் உள்ளன. பெரும்பாலான மாத்திரைகளில் ஈஸ்ட்ரோஜனாக எத்தினைல் எஸ்ட்ரடையால் 20 முதல் 35 மைக்ரோகிராம் வரை இருக்கும். புரோஜெஸ்டின் மட்டும் அட்டைக்கு அட்டை மாறும். லெவோநார்ஜெஸ்ட்ரல், டெசோஜெஸ்ட்ரல், ட்ரோஸ்பிரனோன் ஆகியவை பரவலாக உள்ளவை. தினமும் விழுங்கும் இந்த இரண்டு ஹார்மோன்களும் சேர்ந்து சூலகத்திலிருந்து கருமுட்டை வெளிவருவதையே நிறுத்திவிடுகின்றன.

இம்ப்ளான்ட் என்பது மேல்கையின் உட்புறத்தில் தோலுக்கு அடியில் வைக்கப்படும் மெல்லிய, வளையக்கூடிய குச்சி. ஒற்றைக் குச்சி வகை 4 சென்டிமீட்டர் நீளமும் 2 மில்லிமீட்டர் தடிமனும் கொண்டது. அதில் எட்டோனோஜெஸ்ட்ரல் என்ற புரோஜெஸ்டின் 68 மில்லிகிராம் உள்ளது; அது சிறுகச் சிறுகக் கசிந்து, நீண்ட காலமாகப் பின்பற்றப்படும் கணக்கின்படி 3 ஆண்டுகள் பாதுகாப்புத் தருகிறது. லெவோநார்ஜெஸ்ட்ரல் கொண்ட இரட்டைக் குச்சி வகை 5 ஆண்டுகளுக்கானது. இந்த இரண்டிலும் ஈஸ்ட்ரோஜன் இல்லை என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும் பல முடிவுகள் இந்த ஒரு வேறுபாட்டைத்தான் சார்ந்திருக்கின்றன.

காப்பர்-டியில் ஹார்மோனே கிடையாது. கருப்பைக்குள் வைக்கப்படும் 'டி' வடிவப் பிளாஸ்டிக் சட்டத்தின் மேல் செம்பு சுற்றப்பட்டிருக்கும். அதிலிருந்து வெளியேறும் செம்பு அயனிகள் விந்தணுக்களின் இயக்கத்தைக் குலைத்து, அவை கருமுட்டையை அடைவதைத் தடுக்கின்றன. 380ஏ என்ற வகையில் அந்த 380 என்ற எண் செம்பின் பரப்பளவைச் சதுர மில்லிமீட்டரில் குறிக்கிறது. அது 10 ஆண்டுகள் வரை வேலை செய்யும்.

முதல் படி: ஈஸ்ட்ரோஜன் உங்களுக்குச் சரிப்படுமா?

உலக சுகாதார நிறுவனம் ஒவ்வொரு கருத்தடை முறையையும் ஒவ்வொரு உடல்நிலையோடும் பொருத்தி 1 முதல் 4 வரை தரம் பிரித்திருக்கிறது. தடையின்றிப் பயன்படுத்தலாம் என்பது 1. நன்மை பொதுவாக அதிகம் என்பது 2. ஆபத்து பொதுவாக அதிகம் என்பதால் வேறு வழியில்லாதபோது மட்டும் என்பது 3. பயன்படுத்தவே கூடாது என்பது 4. மருத்துவரிடம் பேசும்போது, 'இந்த முறைக்கு என் நிலை எந்தத் தரத்தில் வருகிறது?' என்று நேரடியாகக் கேட்கலாம். பொதுவான அறிவுரைக்குப் பதிலாகத் தெளிவான பதில் கிடைக்க இந்தக் கேள்வி உதவும்.

நம்முடைய மூன்று முறைகளில் அதிகத் தடைகள் உள்ளது கூட்டு மாத்திரைக்குத்தான். காரணம், ஈஸ்ட்ரோஜன் ரத்தம் உறையும் தன்மையைச் சற்றே கூட்டுகிறது. உறைவு காலின் ரத்தக் குழாயில் உண்டானால் வீக்கமும் வலியும் வரும்; அது நகர்ந்து நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. ஆகவே, முன்பு அப்படி ரத்த உறைவு வந்தவர்கள், 35 வயதைத் தாண்டிய பின்னும் புகைபிடிப்பவர்கள், ரத்த அழுத்தம் 140/90 அல்லது அதற்கு மேல் உள்ளவர்கள், மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர்கள், கடுமையான கல்லீரல் நோய் உள்ளவர்கள், மார்பகப் புற்றுநோய் உள்ளவர்கள் ஆகியோருக்குக் கூட்டு மாத்திரை பொருந்தாது. தாய்ப்பால் கொடுப்பவர்கள் பிரசவம் ஆகி 6 வாரங்கள் வரை இதைத் தொடவே கூடாது; 6 மாதம் வரை தவிர்ப்பது நல்லது.

இந்தப் பட்டியலில் பலர் தவறவிடுவது ஒற்றைத் தலைவலியைத்தான். எல்லா ஒற்றைத் தலைவலியும் தடை அல்ல. தலைவலி தொடங்குவதற்கு முன் கண்ணுக்குள் வளைந்து நெளிந்த ஒளிக்கோடுகள் தெரிவது, பார்வையின் ஒரு பகுதி மறைவது, முகத்தின் அல்லது கையின் ஒரு பக்கம் மரத்துப்போவது, பேச்சு தடுமாறுவது போன்ற முன்னறிகுறிகள் 5 நிமிடம் முதல் ஒரு மணி நேரம் வரை நீடித்தால், அந்த வகைத் தலைவலி உள்ளவர்களுக்கு ஈஸ்ட்ரோஜனால் பக்கவாத ஆபத்து கூடுகிறது. எந்த வயதிலும் இது தரம் 4. பலரும் இதைத் 'தலைவலி' என்று ஒரே வார்த்தையில் சொல்லி முடித்துவிடுகிறார்கள். கேட்பவரும் மேலே கேட்காமல் விட்டுவிடுகிறார். உங்களுக்கு இப்படி வருவது உண்டென்றால், கேட்காவிட்டாலும் நீங்களே விவரித்துச் சொல்லுங்கள்.

ரத்த உறைவு ஆபத்தின் அளவையும் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். ஹார்மோன் எதுவும் எடுக்காத, கர்ப்பமும் இல்லாத 10,000 பெண்களில் ஓராண்டில் சுமார் 2 பேருக்கு இத்தகைய உறைவு வரும். லெவோநார்ஜெஸ்ட்ரல் உள்ள கூட்டு மாத்திரை எடுப்பவர்களில் அது 5 முதல் 7 பேர் ஆகும். டெசோஜெஸ்ட்ரல் அல்லது ட்ரோஸ்பிரனோன் உள்ளவற்றில் 9 முதல் 12 பேர். கர்ப்ப காலத்திலும் பிரசவத்துக்குப் பிந்தைய வாரங்களிலும் இந்த ஆபத்து மாத்திரையால் வருவதைவிட அதிகம். மேலே சொன்ன தடைகள் எதுவும் இல்லாத பெண்ணுக்கு இது சிறிய எண்தான்; ஆனாலும் தொடக்கக்காரருக்கு லெவோநார்ஜெஸ்ட்ரல் வகையை முதலில் தருவது ஏன் என்பதை இந்த எண்களே சொல்லும். 'உடம்புக்கு ஓய்வு கொடுக்க' அவ்வப்போது சில மாதம் நிறுத்தித் திரும்பத் தொடங்கும் பழக்கம் பலரிடம் உண்டு. உறைவு ஆபத்து அதிகமாக இருப்பது தொடங்கிய முதல் ஆண்டிலும், 4 வாரத்துக்கு மேல் விட்டுத் திரும்பத் தொடங்கும்போதும் என்பதால், அந்த ஓய்வால் நன்மை இல்லை, கெடுதல்தான் உண்டு.

இம்ப்ளான்டுக்குத் தடைகள் மிகக் குறைவு: மார்பகப் புற்றுநோய், கடுமையான கல்லீரல் நோய், காரணம் தெரியாத ரத்தப்போக்கு ஆகியவை முக்கியமானவை. தாய்ப்பால் கொடுப்பவர்களும் பயன்படுத்தலாம். காப்பர்-டியின் தடைகள் பெரும்பாலும் கருப்பையையே சார்ந்தவை. கருப்பையின் உட்குழி கட்டியாலோ பிறவி அமைப்பாலோ உருக்குலைந்திருந்தால், கருப்பை வாயில் சீழ்த் தொற்று இருந்தால், காரணம் தெரியாத ரத்தப்போக்கு இருந்தால் வைக்க மாட்டார்கள். செம்பு ஒவ்வாமை உள்ளவர்களுக்கும், உடலில் செம்பு சேரும் வில்சன் நோய் உள்ளவர்களுக்கும் இது ஆகாது. குழந்தை பெறாதவர்களுக்குக் காப்பர்-டி கூடாது என்று சொல்வது பழைய நம்பிக்கை, அவர்களும் பயன்படுத்தலாம்.

இந்தப் படியிலேயே இன்னொன்றையும் பார்த்துவிட வேண்டும்: நீங்கள் தொடர்ந்து எடுக்கும் வேறு மருந்துகள். காசநோய்க்கான ரிஃபாம்பிசின், வலிப்புக்கான கார்பமசெபின், ஃபெனிடாயின், ஃபீனோபார்பிடால் போன்றவை கல்லீரலை முடுக்கிவிட்டு ஹார்மோன்களை வேகமாகச் சிதைக்கச் செய்கின்றன. அதனால் மாத்திரையும் இம்ப்ளான்டும் வலுவிழக்கும். ஹார்மோனே இல்லாத காப்பர்-டிக்கு எந்தப் பாதிப்பும் இல்லை. லாமோட்ரிஜின் எடுப்பவர்களுக்கு நிலைமை தலைகீழ்: கூட்டு மாத்திரையால் அந்த வலிப்பு மருந்தின் அளவுதான் ரத்தத்தில் குறைந்து, வலிப்பு திரும்ப வரக்கூடும். சாதாரணக் காய்ச்சல், தொண்டைத் தொற்றுக்குத் தரும் ஆன்டிபயாட்டிக் மருந்துகள் கருத்தடையைக் கெடுப்பதில்லை.

இரண்டாம் படி: செயல்திறன் எண்ணைப் படிக்கும் விதம்

செயல்திறனுக்கு இரண்டு எண்கள் உண்டு. விதிமுறை தவறாமல் பயன்படுத்தினால் எத்தனை பேர் கருவுறுவார்கள் என்பது ஒன்று. மறதி, பயணம், வாந்தி எல்லாம் உள்ள வழக்கமான வாழ்க்கையில் எத்தனை பேர் கருவுறுவார்கள் என்பது மற்றொன்று. விளம்பரத் தாள்கள் முதல் எண்ணைக் காட்டும். நீங்கள் பார்க்க வேண்டியது இரண்டாவது எண்.

எந்தக் கருத்தடையும் இல்லாமல் தொடர்ந்து உறவு கொள்ளும் 100 பெண்களில் சுமார் 85 பேர் ஓராண்டுக்குள் கருவுறுவார்கள். கூட்டு மாத்திரையைத் தவறாமல் எடுத்தால் அந்த எண்ணிக்கை 1,000 பேரில் 3 ஆகக் குறைகிறது. ஆனால் வழக்கமான பயன்பாட்டில் அது 100 பேரில் 7. காப்பர்-டி வைத்தவர்களில் முதல் ஆண்டில் 1,000 பேரில் சுமார் 8 பேர். இம்ப்ளான்டில் 1,000 பேரில் 1 பேர் அளவுக்குத்தான். இம்ப்ளான்டிலும் காப்பர்-டியிலும் இரண்டு எண்களும் ஏறக்குறைய ஒன்றே; ஒருமுறை சரியாக வைத்துவிட்டால் அதன்பின் நினைவில் வைத்துச் செய்ய வேண்டியது எதுவும் இல்லை. மாத்திரையில் மட்டும் இரண்டு எண்களுக்கும் இடையே இருபது மடங்குக்கு மேல் வித்தியாசம். அந்த வித்தியாசம் முழுவதும் மாத்திரை விழுங்கும் பழக்கத்தில் இருக்கிறது.

எந்த இடத்தில் பிசகுகிறது என்பதைச் சற்று விரிவாகப் பார்ப்பது பயன் தரும். வழக்கமான அட்டையில் 21 ஹார்மோன் மாத்திரைகளும், அதன்பின் 7 நாள் இடைவெளியும் (அல்லது ஹார்மோன் இல்லாத 7 மாத்திரைகளும்) உண்டு. சூலகத்தை முழுமையாக அடக்கிவைக்கத் தொடர்ந்து 7 நாள் ஹார்மோன் தேவை. அந்த 7 நாள் இடைவெளியில் சூலகம் மெல்ல விழிக்கத் தொடங்குகிறது. எட்டாம் நாள் அடுத்த அட்டையைத் தொடங்கினால் அது மீண்டும் அடங்கிவிடும். அட்டையின் நடுவில் ஒரு மாத்திரையை மறந்தால் பெரிய ஆபத்து இல்லை. ஆனால் புதிய அட்டையை இரண்டு நாள் தாமதமாகத் தொடங்கினால் இடைவெளி 9 நாளாக நீண்டு, கருமுட்டை வெளிவந்துவிட வாய்ப்பு உண்டு. மிக ஆபத்தான மறதி அட்டையின் தொடக்கத்திலும் முடிவிலும் நேர்வதுதான். பலர் நினைப்பதுபோல நடுப்பகுதியில் அல்ல.

ஒரு மாத்திரையை மட்டும் மறந்தால், நினைவு வந்தவுடன் அதை விழுங்கிவிட்டு அடுத்ததை வழக்கமான நேரத்தில் எடுக்க வேண்டும். ஒரே நாளில் இரண்டு எடுக்க நேர்ந்தாலும் பரவாயில்லை. இரண்டோ அதற்கு மேலோ தவறிவிட்டால், கடைசியாக மறந்த ஒன்றை மட்டும் உடனே எடுத்து, மற்ற மறந்தவற்றை விட்டுவிட்டு, அடுத்த 7 நாள் ஆணுறை பயன்படுத்த வேண்டும். அந்த மறதி அட்டையின் கடைசி ஹார்மோன் வாரத்தில் என்றால், இடைவெளி விடாமல் உடனடியாக அடுத்த அட்டையைத் தொடங்கிவிட வேண்டும். முதல் வாரத்தில் என்றால், முந்தைய 5 நாட்களுக்குள் பாதுகாப்பற்ற உறவு நடந்திருந்தால், அவசரகாலக் கருத்தடை தேவையா என்று மருத்துவரைக் கேட்க வேண்டும். மாத்திரை விழுங்கிய இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் இன்னொன்றை விழுங்க வேண்டும். இதையெல்லாம் படிக்கும்போதே அலுப்பாக இருந்தால் அதுவும் ஒரு தகவல்தான்: மாத்திரை உங்களுக்கு உகந்ததல்ல என்று எடுத்துக்கொள்ளலாம்.

காப்பர்-டி தோற்பதற்கு முக்கியக் காரணம், அது தானாக நழுவி வெளியே வந்துவிடுவது. சுமார் 20 பேரில் ஒருவருக்கு, பெரும்பாலும் முதல் சில மாதங்களில், மாதவிடாயின்போது இது நேர்கிறது. காப்பர்-டி இருக்கும்போதே கருவுற்றால், அந்தக் கரு கருப்பைக்கு வெளியே தங்கியிருக்கும் வாய்ப்பு வழக்கத்தைவிட அதிகம் என்பதால், மாதவிடாய் தள்ளிப்போய் அடிவயிற்றில் ஒரு பக்கம் வலித்தால் உடனே பரிசோதிக்க வேண்டும். இம்ப்ளான்டில் கருவுற்றவர்களில் கணிசமானோர் விஷயத்தில் காரணம் எளிது: குச்சி உண்மையில் உள்ளே வைக்கப்படவில்லை, அல்லது வைக்கும்போதே கருவுற்றிருந்தார்கள். வைத்து முடித்தவுடன் மருத்துவரும் நீங்களும் விரலால் அதைத் தொட்டு உணர வேண்டும். தோலுக்கடியில் தீக்குச்சி போலத் தட்டுப்படும். தட்டுப்படவில்லை என்றால் அது உறுதியாகும்வரை வேறு பாதுகாப்பு தேவை.

மூன்றாம் படி: மாதவிடாய் எப்படி மாறும்?

என் கருத்தில், ஒப்பீட்டில் அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் இதுவே. இம்ப்ளான்டையோ காப்பர்-டியையோ பாதியில் எடுத்துவிடுபவர்களில் மிகப் பலர் ரத்தப்போக்கு மாறியதைத்தான் காரணமாகச் சொல்கிறார்கள். இப்படி ஆகும் என்று முன்பே தெரிந்தவர்கள் பொறுத்துப் பார்க்கிறார்கள். தெரியாதவர்கள் நோய் வந்துவிட்டதாகப் பயந்துபோகிறார்கள்.

கூட்டு மாத்திரையில் மாதவிடாய் ஒழுங்காகும். போக்கும் வலியும் குறையும். இடைவெளி நாட்களில் வருவது உண்மையான மாதவிடாய் அல்ல. ஹார்மோன் நின்றதால் கருப்பையின் உள்படலம் உதிர்வது. அந்த இடைவெளிக்கு உடல்நலக் காரணம் எதுவும் இல்லை என்பதால், மருத்துவரைக் கேட்டு இரண்டு மூன்று அட்டைகளை இடைவெளி இன்றித் தொடர்ந்து எடுப்பவர்களும் உண்டு. முதல் மூன்று மாதங்களில் இடையிடையே திட்டுத்திட்டாக ரத்தம் படலாம். பெரும்பாலும் அது தானாக நின்றுவிடும். அதற்குப் பிறகும் தொடர்ந்தால் மாத்திரையைத் தவறவிடுகிறோமா என்று முதலில் பார்த்து, பிறகு மருத்துவரிடம் செல்லலாம்.

காப்பர்-டியில் மாதவிடாயின் ஒழுங்கு மாறாது; ஆனால் போக்கு கூடும், நாள் நீளும், வலி அதிகமாகும். முதல் 3 முதல் 6 மாதங்கள் இது உச்சத்தில் இருந்து, பிறகு பலருக்குக் குறையும். ஆனாலும் சிலருக்கு முன்பிருந்த நிலைக்கு முழுமையாகத் திரும்புவதில்லை. ஆகவே ஏற்கெனவே போக்கு அதிகமாகவும் வலி கடுமையாகவும் உள்ளவர்கள் இதைத் தேர்ந்தெடுக்கும் முன் யோசிக்க வேண்டும். மாதவிடாய் நாட்களில் ஐபுப்ரோஃபென், மெஃபனமிக் அமிலம் போன்ற வலி மாத்திரைகள் வலியோடு போக்கையும் ஓரளவு குறைக்கும்.

இம்ப்ளான்டில் என்ன நடக்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு மாதவிடாய் முற்றிலும் நின்றுவிடும்; மூன்றில் ஒருவருக்கு அரிதாக வரும்; ஆனால் ஆறில் ஒருவர் அளவில் இரண்டு வாரத்துக்கு மேல் நீளும் போக்கு உண்டாகும். மொத்தத்தில் வெளியேறும் ரத்தத்தின் அளவு பெரும்பாலும் முன்பைவிடக் குறைவுதான்; தொந்தரவு எப்போது வரும் என்று தெரியாததில் இருக்கிறது. வைத்த முதல் மூன்று மாதங்களில் போக்கு சாதகமாக இருந்தவர்களுக்குப் பிறகும் பெரும்பாலும் அப்படியே தொடரும். தொடக்கத்தில் தொந்தரவாக இருந்தாலும் பலருக்குப் பின்னர் சரியாகும். நீண்ட போக்குக்கு வலி மாத்திரைகளையோ, ஈஸ்ட்ரோஜன் தடை இல்லாதவர்களுக்குச் சிறிது காலம் கூட்டு மாத்திரையையோ மருத்துவர் தருவதுண்டு. உடனடியாகக் குச்சியை எடுக்கச் சொல்வதற்கு முன் அதைக் கேட்டுப் பார்க்கலாம். ஆனால் எடுக்க வேண்டும் என்று நீங்கள் முடிவு செய்துவிட்டால், அதற்குக் காரணம் சொல்லி யாரிடமும் வாதாட வேண்டிய அவசியம் இல்லை.

மற்றப் பக்கவிளைவுகளைச் சுருக்கமாகச் சொல்லலாம். கூட்டு மாத்திரையில் குமட்டல், மார்பக வலி, தலைவலி ஆகியவை முதல் சில வாரங்களில் வரும். இரவு உணவுக்குப் பின் எடுத்தால் குமட்டல் குறையும். முகப்பரு பெரும்பாலும் குறையும். சூலகப் புற்றுநோயும் கருப்பை உள்படலப் புற்றுநோயும் வரும் வாய்ப்பு குறைகிறது. எடுக்கும் காலத்தில் மார்பகப் புற்றுநோய் வாய்ப்பு சிறிதளவு கூடுகிறது. எடை கூடும் என்ற பரவலான அச்சத்துக்குக் கூட்டு மாத்திரையைப் பொறுத்தவரை ஆய்வுகள் ஆதாரம் காட்டவில்லை. இம்ப்ளான்டில் சிலருக்கு எடை கூடுதல், முகப்பரு, மனநிலை மாற்றம், தலைவலி வருவதுண்டு. காப்பர்-டியில் இவை எதுவும் இல்லை. ஆனால் வைக்கும்போது கருப்பைச் சுவரைத் துளைத்துவிடும் அரிய ஆபத்து 1,000 பேரில் ஓரிருவர் அளவில் உண்டு. மூன்றில் எதுவும் பால்வினைத் தொற்றிலிருந்து காப்பதில்லை; அதற்கு ஆணுறை மட்டுமே.

ஓர் எடுத்துக்காட்டு

31 வயதுப் பெண் ஒருவரை எடுத்துக்கொள்வோம். இரண்டு வயதில் ஒரு குழந்தை, தாய்ப்பால் நிறுத்தியாயிற்று, அடுத்த குழந்தை மூன்று ஆண்டுகள் கழித்து வேண்டும். புகைப்பழக்கம் இல்லை, ரத்த அழுத்தம் 118/76. மாதவிடாய் 7 நாள் நீடிக்கிறது, முதல் இரண்டு நாள் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நாப்கின் மாற்ற வேண்டியிருக்கிறது, ஹீமோகுளோபின் 10.2. மாதம் இருமுறை தலைவலி. மேலும் கேட்டால், தலைவலிக்குச் சுமார் 20 நிமிடம் முன்பு பார்வையின் ஓரத்தில் மின்னும் கோடுகள் தெரிகின்றன.

ரத்த அழுத்தத்தையும் வயதையும் மட்டும் பார்த்தால் இவருக்குக் கூட்டு மாத்திரைதான் தோன்றும். போக்கையும் குறைக்கும், ரத்தசோகைக்கும் நல்லது. ஆனால் அந்த மின்னும் கோடுகள் முதல் படியிலேயே அதை விலக்கிவிடுகின்றன. மீதம் இருப்பவை இரண்டு. செயல்திறனில் இரண்டுமே போதுமானவை. கால அளவைப் பார்த்தால் மூன்று ஆண்டுகளுக்கு இரண்டும் சரி, காப்பர்-டியையும் நினைத்தபோது எடுத்துவிடலாம். மூன்றாம் படிதான் முடிவு செய்கிறது. இப்போதே மிகுந்த போக்கும் ரத்தசோகையும் உள்ளவருக்குக் காப்பர்-டி தடை செய்யப்பட்டதல்ல. ஆனால் அது நிலைமையை மோசமாக்கக்கூடும். இம்ப்ளான்ட் அவருடைய மொத்த ரத்த இழப்பைக் குறைக்கும் வாய்ப்பு அதிகம். எப்போது வரும் என்று தெரியாத திட்டுக்களைப் பொறுத்துக்கொள்ள அவர் தயாரா என்பதை மட்டும் கேட்க வேண்டும். தயார் என்றால் இம்ப்ளான்ட்; அதோடு ரத்தசோகைக்கு இரும்புச் சத்து, இவ்வளவு போக்குக்குக் காரணம் என்ன என்ற பரிசோதனை.

இதே பெண் வலிப்புக்குக் கார்பமசெபின் எடுப்பவராக இருந்தால் கணக்கு மாறிவிடும். இம்ப்ளான்ட் வலுவிழப்பதால் அதுவும் விலகும். அப்போது காப்பர்-டியை வைத்து, இரும்பு மாத்திரையும் மாதவிடாய் நாட்களில் மெஃபனமிக் அமிலமும் தருவது ஒரு வழி. லெவோநார்ஜெஸ்ட்ரல் கசியும் கருப்பைச் சாதனம் மற்றொரு வழி. அதன் ஹார்மோன் கருப்பைக்குள்ளேயே வேலை செய்வதால் அந்த மருந்து அதைப் பெரிதாகப் பாதிப்பதில்லை, போக்கையும் வெகுவாகக் குறைக்கும். பட்டியலில் உள்ள மூன்றும் ஒத்துவராதபோது நான்காவதைக் கேட்கத் தயங்க வேண்டாம்.

நான்காம் படி: தொடங்கும் நாளும் அதன் பிறகும்

மாத்திரைக்கு முன் ரத்த அழுத்தம் பார்ப்பது கட்டாயம், உள்பரிசோதனை தேவையில்லை. இம்ப்ளான்டுக்கு எந்தப் பரிசோதனையும் அவசியமில்லை. காப்பர்-டிக்கு மட்டும் கருப்பையின் அளவையும் சாய்வையும் அறிய உள்பரிசோதனை வேண்டும். மூன்றுக்கும் முன்பாக, நீங்கள் கருவுற்றிருக்கவில்லை என்பது ஓரளவு உறுதியாக வேண்டும்.

மாதவிடாய் தொடங்கிய முதல் 5 நாட்களுக்குள் மாத்திரையையோ இம்ப்ளான்டையோ தொடங்கினால் பாதுகாப்பு உடனே கிடைக்கும். மற்ற நாட்களிலும் தொடங்கலாம். அப்போது 7 நாள் ஆணுறை சேர்த்துக்கொள்ள வேண்டும். காப்பர்-டி எந்த நாளில் வைத்தாலும் அந்தக் கணத்திலிருந்தே வேலை செய்யும். பாதுகாப்பற்ற உறவு நடந்து 5 நாட்களுக்குள் வைத்தால் அது அவசரகாலக் கருத்தடையாகவும் பயன்படும். அந்த வேலையில் அவசரகால மாத்திரைகளைவிட அது வலிமையானது. பிரசவத்துக்குப் பின் என்றால் முதல் 48 மணி நேரத்துக்குள் அல்லது 4 வாரங்களுக்குப் பிறகு வைப்பது வழக்கம்.

இம்ப்ளான்ட் வைக்கும் இடத்தில் மரத்துப்போகும் ஊசி போடுவார்கள்; சில நிமிட வேலைதான். சில நாள் கன்றிப்போய் வலிக்கும். காப்பர்-டி வைக்கும்போது கருப்பை வாயைப் பிடிக்கும்போதும், கருப்பையின் ஆழத்தை அளக்கும்போதும் பிடிப்பு வலி வரும். சிலருக்கு அது கடுமையாகவே இருக்கும். 'ஒன்றும் வலிக்காது' என்று சொல்லி அழைத்துச் செல்வது நியாயமல்ல. கருப்பை வாயில் மரக்கச் செய்யும் மருந்து தர முடியுமா என்று முன்பே கேட்கலாம். அதன் நூல் கருப்பை வாயிலிருந்து சிறிதளவு தொங்கும்படி வெட்டிவிடுவார்கள். முதல் மாதவிடாய் முடிந்ததும் சுத்தமான விரலால் அதைத் தொட்டுப் பாருங்கள். நூல் தட்டுப்படாவிட்டாலோ, முன்பைவிட நீளமாக இருந்தாலோ, கடினமான பிளாஸ்டிக் முனை விரலில் பட்டாலோ, சாதனம் இடம்பெயர்ந்திருக்கலாம். மருத்துவர் பார்க்கும்வரை ஆணுறை பயன்படுத்த வேண்டும். வைத்த முதல் மூன்று வாரங்களில் காய்ச்சல், அடிவயிற்று வலி, துர்நாற்றமுள்ள வெள்ளைப்படுதல் ஆகியவை வந்தால் தொற்றாக இருக்கலாம். அன்றே காட்ட வேண்டும்.

கூட்டு மாத்திரை எடுப்பவர் ஒரே ஒரு காலில் வீக்கமும் வலியும், திடீர் நெஞ்சுவலி அல்லது மூச்சுத்திணறல், இதுவரை வந்திராத கடுமையான தலைவலி, பார்வை மங்கல், கடுமையான மேல்வயிற்று வலி இவற்றில் எது வந்தாலும் மாத்திரையை நிறுத்திவிட்டு அவசரப் பிரிவுக்குச் செல்ல வேண்டும். அங்கே முதல் வார்த்தையாகக் கருத்தடை மாத்திரை எடுப்பதைச் சொல்ல வேண்டும். நாளாக நாளாகப் பலர் அதை ஒரு மருந்தாகவே நினைப்பதில்லை, 'வேறு மருந்து எடுக்கிறீர்களா?' என்ற கேள்விக்கு இல்லை என்று சொல்லிவிடுகிறார்கள். பெரிய அறுவை சிகிச்சை திட்டமிட்டிருந்தாலும், நெடுநாள் படுக்கையில் இருக்க நேர்ந்தாலும் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

குழந்தை வேண்டும் என்று முடிவு செய்தால் மூன்று முறைகளிலும் கருவுறும் திறன் விரைவில் திரும்பிவிடும். இம்ப்ளான்டை எடுத்த சில வாரங்களுக்குள்ளேயே கருமுட்டை வெளிவரத் தொடங்கும். காப்பர்-டியை எடுத்த அன்றிலிருந்தே பாதுகாப்பு இல்லை. இன்னும் குழந்தை வேண்டாம், முறையை மட்டும் மாற்ற வேண்டும் என்பவர்கள் இதைக் கவனித்து, மாத்திரை அல்லது இம்ப்ளான்டுக்கு மாறுவதாக இருந்தால் அதைத் தொடங்கி 7 நாள் கழித்துக் காப்பர்-டியை எடுக்கச் சொல்லலாம்.